எந்த ஃபார்முலான்னுதான் தெரியல, சார்

“சார், ஃபார்முலா எல்லாமே தெரியும் சார். கொஸ்டினைப் பாத்தா எந்த ஃபார்முலான்னுதான் தெரியல.”

கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள் அந்த மாணவி. போன வருஷம் எங்கள் ஊர் நூலகத்தில் ஐந்து சனிக்கிழமைகள் புள்ளியியல் வகுப்பு எடுத்தேன். அரியர் வைத்திருந்த பொறியியல் மாணவர்கள் பதினைந்து பேர் வந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டவள் அவள். கடிதத்தின் மற்ற பகுதி இப்படிப் போகிறது:

“ப்ராபபிலிட்டி அண்ட் ஸ்டாடிஸ்டிக்ஸ்ல 38 மார்க் சார். பாஸுக்கு 45 வேணும். கேம்பஸ்ல வேலை கிடைச்சிருக்கு, ஆனா ஜாயின் பண்றப்ப அரியர் இருக்கக் கூடாதுன்னு ஆஃபர் லெட்டர்லயே போட்டிருக்காங்க. இதுதான் கடைசி சான்ஸ். ஏழு வாரம் இருக்கு. எந்த யூனிட்டை விட்டுரலாம், எதை மனப்பாடம் பண்ணலாம்னு மட்டும் சொல்லுங்க சார். விடைத்தாள் காப்பி வாங்கியிருக்கேன், அதையும் அனுப்புறேன். பின்குறிப்பு: ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்னு ஏன் சார் பேரு? ஸ்டூடன்ட்ஸுக்கு ஈஸியா இருக்கும்னா?”

அந்தப் பின்குறிப்புக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் கடிதத்தில் உண்மையிலேயே உபயோகமான விஷயம், கூடவே வந்த விடைத்தாள் நகல்தான். பணம் கட்டி நகல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று பார்ப்பதற்காகத்தான் வாங்குகிறார்கள். மார்க் எங்கே போனது என்று அதே தாளில் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

நான் தேடினேன். பத்து இரண்டு மார்க் கேள்விகளில் பாதிக்கு மேல் சரி. பெரிய கேள்விகளில் இரண்டு இடங்களில் பள்ளம். ஹைப்பாத்திஸிஸ் டெஸ்டிங்கில் வந்த பதின்மூன்று மார்க் கேள்விக்கு மூன்று, கடைசிப் பதினைந்து மார்க் கேள்விக்கு நான்கு. இரண்டிலும் சேர்த்து இருபத்தொரு மார்க் போயிருக்கிறது. அவளுக்குக் குறைந்ததோ ஏழு மார்க்.

அந்தப் பதின்மூன்று மார்க் விடையை இரண்டு முறை படித்தேன். மூன்று பக்கம். சராசரி, திட்ட விலக்கம், வர்க்கமூலம் எல்லாம் சரி. கூட்டலில் ஒரு பிழை இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கேள்வி, பத்து ஊழியர்களுக்குப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வின் மதிப்பெண்களைக் கொடுத்து, பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்கிறது. அவள் இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிடும் டி-டெஸ்டைப் போட்டிருக்கிறாள். போட்டிருக்க வேண்டியது ஜோடி டி-டெஸ்ட், அதாவது பேர்டு டி-டெஸ்ட். கணக்குத் தெரியாத மாணவியின் தாள் இல்லை அது. வேறொரு கேள்விக்கு எழுதப்பட்ட சரியான விடை.

எந்த யூனிட்டை விடுவது என்ற அவள் கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை. அவளுக்குத் தேவையும் இல்லை. அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டு டெஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஃபார்முலாவில் என்ன வித்தியாசம் என்று அவளுக்கே தெரியும். எதனால் வித்தியாசம் என்பதுதான் விஷயம். அதைப் பின்குறிப்பிலிருந்தே ஆரம்பித்தேன்.

“ஸ்டூடன்ட்” என்பது ஒரு ஆளின் புனைபெயர். வில்லியம் சீலி காஸெட் என்பவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தார். பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட் என்று அவர் கைக்கு வந்த சோதனைகளில் நான்கைந்து அளவுகளுக்கு மேல் கிடைக்காது. அன்றைக்கு இருந்த புள்ளியியல் முறைகளோ நூற்றுக்கணக்கில் அளவுகள் இருந்தால்தான் நம்பத்தக்கவை. கொஞ்சமே அளவுகள் இருக்கும்போது சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று அவர் யோசித்ததன் விளைவு, 1908-ல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வந்த கட்டுரை. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை ஆலை விரும்பவில்லை. அதனால் “ஸ்டூடன்ட்” என்று கையெழுத்திட்டார். நாம் இன்று டி-டேபிளில் தேடும் எண்களின் மூல வடிவம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. பின்னால் ஃபிஷர் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கட்டுரையிலேயே காஸெட் ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறார். 1905-ல் குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் வெளியிட்ட தூக்க மருந்துச் சோதனை அது. பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள். மருந்தே இல்லாத இரவுகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மருந்தும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தது என்பதுதான் அளவு. R மொழியை நிறுவினால் `sleep` என்ற பெயரில் இந்த எண்கள் கூடவே வந்துவிடும். அவளுடைய தேர்வுக் கேள்வியும் இதே எலும்புக்கூடுதான். அதனால் இதையே எடுத்துக்கொண்டேன்.

```r
a <- c(0.7, -1.6, -0.2, -1.2, -0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0)
b <- c(1.9,  0.8,  1.1,  0.1, -0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4)
```

`a` முதல் மருந்து, `b` இரண்டாவது. மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு எண்களும் ஒரே ஆளுடையவை. இரண்டாவது நோயாளியைப் பாருங்கள். முதல் மருந்தில் அவர் வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் குறைவாகத் தூங்கியிருக்கிறார். இரண்டாவதில் முக்கால் மணி நேரம் போலக் கூடியிருக்கிறது. ஏழாவது நோயாளிக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் தூக்கம்தான். முதல் மருந்தில் 3.7 மணி, இரண்டாவதில் 5.5 மணி.

முதலில் அவள் தேர்வில் செய்தது போலவே செய்வோம். யார் யாருடைய எண் என்பதை மறந்துவிட்டு, இங்கே ஒரு பத்து பேர், அங்கே வேறு பத்து பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மருந்தின் சராசரி 0.75, இரண்டாவதன் சராசரி 2.33. வித்தியாசம் 1.58 மணி. திட்ட விலக்கங்கள் 1.79, 2.00. இவற்றிலிருந்து வரும் திட்டப் பிழை 0.85. டி-டெஸ்ட் என்பது வித்தியாசத்தைத் திட்டப் பிழையால் வகுப்பதுதான். 1.58-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1.86. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 18, ஐந்து சதவீத அளவில் டேபிளில் இருக்கும் எண் 2.101. நம்முடையது அதற்குக் கீழே. ஆகவே மருந்துகளுக்குள் வித்தியாசம் உண்டு என்று சொல்ல ஆதாரம் போதாது.

இப்போது ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிப்போம். வருகிற எண்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒன்றுகூட மைனஸ் இல்லை. பத்தில் ஒன்பது பேர் இரண்டாவது மருந்தில் அதிகம் தூங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கு இரண்டும் சமம். இந்தப் பத்து எண்களின் சராசரி அதே 1.58. ஆனால் திட்ட விலக்கம் 1.23, திட்டப் பிழை 0.39. வகுத்தால் 4.06. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 9, டேபிளில் 2.262. தாராளமாகத் தாண்டிவிட்டது. வித்தியாசம் உண்டு.

அதே இருபது எண்கள், அதே 1.58. ஒரு வழியில் “தெரியவில்லை”, மறு வழியில் “நிச்சயம் உண்டு”. மேலே இருப்பது மாறவில்லை. கீழே, வகுக்கும் எண்தான் 0.85-லிருந்து 0.39-ஆகக் குறைந்திருக்கிறது.

ஏன் குறைந்தது? முதல் மருந்தின் வரிசையை மட்டும் பாருங்கள். மைனஸ் 1.6-லிருந்து 3.7 வரை பரவிக் கிடக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேலான இந்தப் பரவல் மருந்தால் மட்டும் வந்ததில்லை. ஆளுக்கு ஆள் தூக்கம் வேறு, அவ்வளவுதான். நாம் தேடுவதோ ஒன்றரை மணி நேர வித்தியாசம். ஐந்து மணி நேரச் சந்தைக்கடைச் சத்தத்துக்கு நடுவே ஒன்றரை மணி நேரக் குரல் எப்படிக் கேட்கும்? ஒரே ஆளுடைய இரண்டு எண்களைக் கழிக்கும்போது, அந்த ஆள் கும்பகர்ணனா, தூக்கமே வராதவரா என்பது இரண்டு எண்களிலும் பொதுவாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது. ஏழாவது ஆளும் இரண்டாவது ஆளும் அதன் பிறகு அருகருகே வந்துவிடுகிறார்கள்: 1.8, 2.4. ஜோடி டி-டெஸ்ட் என்பது தனியாக ஒரு ஃபார்முலா இல்லை. முதலில் கழி, பிறகு ஒரே வரிசைக்கான சாதாரண டி-டெஸ்டைப் போடு. அவ்வளவே.

என் அலுவலகத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். டேட்டாபேஸில் புது இண்டெக்ஸ் போடுவதற்கு முன்னும் பின்னும் அதே குவெரிகளை ஓட்டி நேரம் எடுப்போம். ஒரு குவெரி இருபது மில்லிசெகண்டில் முடியும், இன்னொன்று ஒன்பது செகண்ட் இழுக்கும். இரண்டு சராசரிகளை மட்டும் ஸ்லைடில் போட்டு “பெரிய மாற்றம் ஒன்றும் இல்லையே” என்பார் ஒருவர். குவெரிக்குக் குவெரி கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே வேகமாகியிருக்கும்.

இதுவரை எழுதியதும் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. “முன், பின்” என்ற சொல்லைப் பார்த்தால் ஜோடி டெஸ்ட் என்று இவள் ஒரு விதியை மனப்பாடம் செய்துவிடுவாள். கேள்வி எடுப்பவர் சொல்லை மாற்றினால் மறுபடி அதே குழி. எதிர்ப்பக்கக் குழியும் உண்டு. இரண்டு வரிசையிலும் பத்துப் பத்து எண்கள் அழகாக மேலும் கீழும் அச்சாகியிருந்தால் ஜோடி என்று நினைத்துவிடுவது. பத்து ஆண்கள், பத்துப் பெண்கள் என்று இருந்தாலும் டேபிள் அப்படித்தான் தெரியும்.

அதனால் சொல்லை வைத்து இல்லாமல் எண்களை வைத்தே சோதிக்க ஒரு வழி எழுதினேன். மனதுக்குள் ஒரு வரிசையை மட்டும் கலைத்துப் பார். சீட்டுக் கட்டைக் கலைப்பது போல. கலைத்த பிறகு ஏதாவது தகவல் தொலைந்துபோனதா? பத்துப் பெண்களின் எண்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் அவை அதே பத்துப் பெண்களின் எண்கள்தான். ஒன்றும் தொலையவில்லை. அப்படியானால் தனித்தனிக் குழுக்கள். தூக்க மருந்து வரிசையைக் கலைத்தால் ஏழாவது ஆளின் 3.7-க்கு நேரே வேறு யாருடைய தூக்கமோ வந்து உட்காரும். யாருக்கு எவ்வளவு கூடியது என்பது தொலைந்துவிடும். அப்படியானால் ஜோடி.

இது வெறும் உவமை இல்லை, கணக்கிலேயே தெரியும். `b` வரிசையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு இரண்டு டெஸ்டையும் மறுபடி போடலாம்.

```r
t.test(rev(b), a, var.equal = TRUE)
t.test(rev(b), a, paired = TRUE)
```

முதல் டெஸ்ட் அதே 1.86-ஐத் தருகிறது. எண்கள் இடம் மாறியது அதற்குத் தெரியவே தெரியாது, தொடர்பை அது ஒருபோதும் பார்ப்பதில்லை. இரண்டாவது டெஸ்டில் 4.06 இப்போது 1.40-ஆக விழுந்துவிடுகிறது. இல்லாத ஜோடியை இருப்பதாக நினைத்துக் கழித்தால் ஒன்றும் அடிபடாது, குழப்பம்தான் கூடும். அதோடு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 18-லிருந்து 9-ஆகக் குறைந்திருப்பதால் தாண்ட வேண்டிய எண்ணும் 2.101-லிருந்து 2.262-ஆக ஏறியிருக்கிறது. ஜோடி சேர்ப்பதற்கு அது நாம் கொடுக்கும் விலை. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த விலை மலிவு, இல்லையென்றால் நஷ்டம்.

அடுத்தது ஏழு வாரம். அவளுடைய நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சந்தேகப்பட்டது சரி. பேர்டு டி-டெஸ்ட் என்று தலைப்பு, கீழே எட்டு கணக்குகள். எஃப்-டெஸ்ட் என்று தலைப்பு, கீழே ஆறு. கை-ஸ்கொயர் என்று தலைப்பு, கீழே பத்து. எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள். எப்படித் தப்பாகும்? எந்த டெஸ்ட் என்று தலைப்பே சொல்லிவிடுகிறதே. தேர்வில் தலைப்பு இருக்காது. எந்த டெஸ்ட் என்று கண்டுபிடிக்கும் அந்த ஒரு வேலையை மட்டும் அவள் ஒரு முறைகூடப் பழகவில்லை.

“அஞ்சு வருஷக் கொஸ்டின் பேப்பர் எடுத்துக்கம்மா. டெஸ்டிங் கேள்வி எல்லாத்தையும் வெட்டி ஒவ்வொண்ணையும் தனித் துண்டாக்கு. ஒரு டப்பாவுல போட்டுக் குலுக்கு. ஒரு நாளைக்கு எட்டுத் துண்டு எடு. கணக்கு போடாத. கால்குலேட்டரைத் தொடாத. மூணே மூணு வரி எழுது” என்று எழுதினேன். அந்த மூன்று வரிகள்: எதை அளந்திருக்கிறார்கள், அல்லது எண்ணியிருக்கிறார்கள்? யாரிடம்? ஒரே ஆளிடம் எத்தனை முறை?

முதல் வரி இருக்கக் காரணம் அந்தப் பதினைந்து மார்க் கேள்வி. இரண்டு இயந்திரங்களில் எத்தனை பொருள் பழுது, எத்தனை நல்லது என்று கொடுத்திருந்தார்கள். அது எண்ணிக்கை. ஒவ்வொரு பொருளும் பழுதா இல்லையா என்பதுதான் தகவல், அதற்கு விகிதங்களை ஒப்பிட வேண்டும், அல்லது கை-ஸ்கொயர். அவள் சராசரிகளை ஒப்பிடும் டெஸ்டை எடுத்து, இல்லாத திட்ட விலக்கத்தைத் தேடி, ஒரு பக்கத்தோடு நின்றிருக்கிறாள். அந்தத் தேடலே ஒரு அறிகுறி. ஃபார்முலாவுக்குத் தேவையான ஒரு எண்ணைக் கேள்வி தரவில்லை என்றால், நாம் பெரும்பாலும் தப்பான ஃபார்முலாவுக்குள் இருக்கிறோம்.

மூன்று வரி எழுதிய பிறகு டெஸ்டின் பெயரை எழுதி, தாளைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். எட்டும் முடிந்த பிறகே விடையோடு ஒப்பிட வேண்டும். முழுக் கணக்கு நாளுக்கு ஒன்று போதும், கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. முதல் நாள் எட்டில் மூன்று சரியாம். இப்போது ஆறு, ஏழு வருகிறது என்று எழுதியிருந்தாள். அதன் கீழே ஒரு துண்டை ஒட்டி அனுப்பியிருந்தாள்.

“சார், இதுல மட்டும் மாட்டிக்கிட்டேன். ரெண்டு நெல் ரகம், தலா எட்டு வயல், மகசூல் குடுத்திருக்காங்க. கலைச்சுப் பாத்தேன். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வயலைப் பாதிப் பாதியா பிரிச்சு ரெண்டு ரகமும் போட்டிருந்தா ஜோடி. பதினாறு வயலும் வேற வேற இடம்னா தனித்தனி. கொஸ்டின்ல அது இல்லையே சார். நான் பாக்காம விட்டுட்டேனா?”

இல்லை, அவள் எதையும் விடவில்லை. கேள்வி எடுத்தவர் விட்டுவிட்டார். எண்களைப் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வயலில் யார் எப்படி விதைத்தார்கள் என்று விவசாயியிடம்தான் கேட்க வேண்டும். காஸெட்டே பின்னாட்களில் பார்லி வயல்களில் இதற்காக மல்லுக்கு நின்றவர். இரண்டு ரகங்களை அடுத்தடுத்த பட்டைகளில் விதைத்து, பக்கத்துப் பட்டையோடு கழித்துப் பார்க்கும் முறையை அவர் கடைசிவரை ஆதரித்தார். மண்ணின் வளம் இடத்துக்கு இடம் மாறும், அடுத்தடுத்த பட்டைகளுக்கு அது ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்பதால். தூக்க மருந்து நோயாளிகளின் இடத்தில் இங்கே மண்.

தேர்வு அறையில் விவசாயி இருக்க மாட்டார். அதனால் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன்: ஜோடி என்பதற்குக் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லையென்றால் தனித்தனிக் குழுக்கள் என்றே எடுத்துக்கொள். ஆனால் கணக்கைத் தொடங்கும் முன், “வயல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று கொள்கிறேன்” என்று ஒரு வரி எழுதிவிடு. திருத்துகிறவருக்கு அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும், இவள் எந்த ஃபார்முலாவை எதற்காக எடுத்தாள் என்று.